பெற்றோருக்கு எழுதும் குறிப்பு

பள்ளி மாணவர் செய்யும் விஞ்ஞானச் செயல்திட்டங்கள் இந்நாளில் பெரும்பாலும் கணிப்பொறித் திரையில் காட்டும் படவில்லைத் தொகுப்பாகவே முடிவுறுகின்றன. ஆசிரியர் வழக்கில் அதற்குப் பி.பி.டி. என்று பெயர். இருபது அல்லது இருபத்தைந்து படவில்லைகள் கொண்ட அத்தொகுப்பு கண்காட்சியன்று நடுவர்முன் பத்து நிமிஷத்தில் ஓடி மறைந்துவிடும். அதன்பின், “இதையே சுருக்கிப் பெற்றோருக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்” என்று தலைமையாசிரியர் பணிப்பார். தொகுப்பு ஆங்கிலத்தில் இருந்து, பெற்றோர் தமிழே அறிந்தவராயின், என்போன்ற மொழிபெயர்ப்பாளரைத் தேடி வருவார்கள். அவ்வாறு வந்த ஒரு வேலையை நான் முதலில் பிழையாகச் செய்தேன். அந்த அனுபவத்திலிருந்து எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் இதுதான்: படவில்லைத் தொகுப்பைச் சுருக்குவதால் பெற்றோருக்கான குறிப்பு கிடைக்காது. மாணவர் எதைக் கற்றனரோ அதைப் பெரும்பாலும் தொகுப்பில் காண இயலாது. எதைக் கற்கவில்லையோ அது அங்கே பெரிய எழுத்தில் இருக்கும்.

நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில், தலைநகர் டில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பயிலும் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பினர் ‘நம் வீட்டு நீர்’ என்றொரு செயல்திட்டம் செய்தனர். நகராட்சிக் குழாய் நீர், குடியிருப்பின் ஆழ்குழாய்க் கிணற்று நீர், மொட்டைமாடியில் பிடித்த மழைநீர், ஆர்.ஓ. வடிகட்டியில் வரும் நீர் என நான்கினை எடுத்துக்கொண்டு, எந்த நீரில் சோப்பு எளிதில் நுரைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். முறை மிகவும் எளியது. ஒவ்வொரு நீரிலும் 20 மில்லி லிட்டர் அளந்து, மூடியுள்ள சிறு புட்டியில் ஊற்ற வேண்டும். குளிக்கும் சோப்பைச் சீவி மழைநீரில் கரைத்து வைத்துக்கொண்டு, சொட்டுக்குழாயால் ஒரு துளி விட்டு மூடிக் குலுக்கி நிறுத்த வேண்டும். நுரை ஒரு நிமிஷம் கலையாமல் நிற்கும்வரை துளித் துளியாக விட்டு எண்ணிக்கொண்டே போக வேண்டும். மழைநீருக்கும் வடிகட்டி நீருக்கும் 5 துளிகள் போதுமாயிருந்தன. குழாய் நீருக்கு 15 துளிகள் தேவைப்பட்டன. ஆழ்குழாய்க் கிணற்று நீருக்கு மூன்று முறை செய்ததில் 33, 34, 36 துளிகள் செலவாயின. பிறகு பின்னிரு நீர்களையும் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டித் திரும்பவும் எண்ணினர். கிணற்று நீர் 22 துளிகளுக்கும் குழாய் நீர் 9 துளிகளுக்கும் இறங்கின. பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, மக்னீஷியம் ஆகியவற்றின் உப்புக்கள் சோப்புடன் சேர்ந்து கரையாத கசடாகத் திரிந்துவிடுகின்றன. அவை தீரும்வரை நுரை தோன்றாது. அவற்றுள் பைகார்பனேட்டாக இருப்பவை கொதிக்கும்போது பிரிந்து வெண்பொடியாகப் படிகின்றன; சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பவை கொதித்தாலும் நீங்குவதில்லை. கிணற்று நீர் முழுதும் இறங்காமல் 22இல் நின்றதற்குக் காரணம் இதுவே. எட்டாம் வகுப்பு மாணவருக்கு இதற்குமேல் ரசாயனம் வேண்டுவதில்லை.

இனித் தொகுப்பைப் பாருங்கள். அதில் 22 படவில்லைகள் இருந்தன. முதல் மூன்றும் வணக்கமும் நன்றியும். அடுத்த நான்கு, நீரின் பெருமையையும் உலகத்து நீர்ப் பரப்பையும் கூறின. ஐந்து படவில்லைகளில் ரசாயனச் சமன்பாடுகள் இருந்தன. மாணவர் தம் கைகளால் செய்தது மூன்று படவில்லைகளுக்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பின், கடின நீரால் சிறுநீரகக் கல் உண்டாகும், தலைமயிர் உதிரும், தோல் நோய் வரும் என்று மூன்று படவில்லைகள், சிவப்பு வண்ணத்தில். ‘தீர்வு’ என்ற தலைப்பில் ஒரு வடிகட்டி யந்திரத்தின் படம். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. நடுவர் மதிப்பெண் தரும் தாளில் ‘சமுதாயப் பயன்’ என்றொரு பத்தி இருக்கிறது. அதை நிரப்ப அவர்கள் இணையத்தில் தேடி எடுத்து ஒட்டினார்கள். நடுவர் பார்வைக்காகச் செய்த பொருள் நடுவர் விரும்புவதைத்தானே கொண்டிருக்கும்?

நான் அதை உண்மையுடன் சுருக்கினேன். மொழிபெயர்ப்பாளனின் உண்மை என்பது மூலத்தில் உள்ளதை விடாமலும் இல்லாததைச் சேர்க்காமலும் எழுதுவது; அவ்வாறே எழுதினேன். “நமது குடியிருப்பின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் மழைநீரைவிட 6.87 மடங்கு கடினமானது என மாணவர்கள் கண்டறிந்தனர். கடின நீர் சிறுநீரகக் கல் முதலிய நோய்களை உண்டாக்கவல்லது. வடிகட்டி பொருத்துவது நலம்” என்பது என் குறிப்பின் நடுப்பகுதி. தமிழ் சுத்தமாகவே இருந்தது. பள்ளி அதை அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பிற்று.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அவ்வகுப்பின் ஆசிரியை என்னிடம் ஒரு செய்தி சொன்னார். ஒரு மாணவியின் தாயார் நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்பவர். குழாயில் நீர் வராத வேளைகளில் அவர்கள் வீட்டில் கிணற்று நீர்தான். குறிப்பைப் படித்த நாள்முதல் அவர் சமையலுக்குங்கூட 20 லிட்டர் கேன் நீரை விலைக்கு வாங்கிவந்தாராம். வடிகட்டி வாங்க ஒரு வீட்டில் முன்பணமும் கேட்டிருக்கிறார். இன்னொரு வீட்டில் நேர்மாறாக நடந்தது. “மழைத் தண்ணீர்தான் முதல் மார்க் வாங்கியதாமே” என்று தகப்பனார் மொட்டைமாடி நீரைக் குடிக்கப் பிடித்துவைத்தாராம். புறாக்கள் எச்சமிடும் மொட்டைமாடி அது.

இரண்டு வீடுகளிலும் பிழை செய்தது என் குறிப்புத்தான். மாணவர் சோதித்தது சோப்பு நுரைப்பதை மட்டுமே. கிருமி உண்டா, ஃபுளோரைடு மிகையா, நைட்ரேட் இருக்கிறதா என்பவற்றுள் ஒன்றையேனும் சோப்புத் துளிகள் காட்டமாட்டா. நன்றாக நுரைக்கும் நீர் நஞ்சுடையதாகவும் இருக்கலாம். நுரைக்காத நீர் குடிக்கத் தக்கதாகவும் இருக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என ஏற்கத்தக்க அளவை வைத்து, வேறு நீர் கிடையாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை அடிப்படையாகக்கொண்ட வரம்பு எதனையும் விதிக்கவில்லை. மேலும், 34 துளிகள் எத்தனை மில்லிகிராம் ஆகும் என்பதை இச்சோதனையிலிருந்து கூற வழியில்லை. கடினத்தன்மை முன்னரே தெரிந்த ஒரு நீரை அதே சோப்புக் கரைசலால் அளந்து ஒப்பிட்டிருந்தால் கூறலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை.

6.87 மடங்கு என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று எண்ணிக்கைகளின் சராசரியான 34.33ஐ 5ஆல் வகுத்து அதைப் பெற்றிருக்கிறார்கள். கணக்குச் சரி, கருத்துத் தவறு. உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீரிலும் நுரை நிற்கச் சில துளிகள் வேண்டும். மழைநீருக்குச் செலவான 5 துளிகள் ஏறக்குறைய அந்த அடிப்படைச் செலவே. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கிணற்று நீருக்கு 29, குழாய் நீருக்கு 10. ஆகவே கிணற்று நீர் குழாய் நீரைப்போல் சுமார் மூன்று மடங்கு சோப்பை வீணாக்குகிறது என்று சொல்லலாம். மழைநீரோடு மடங்கு சொல்வதற்கே இடமில்லை. மூன்று முறை எண்ணியதில் மூன்று துளி வேறுபடும் ஒரு சோதனையில் இரண்டு தசம இடங்கள் எதற்கு? பெற்றோர் குறிப்பில் தசமப் புள்ளி தென்பட்டால் ஆசிரியர்கள் அங்கேயே நின்று யோசிப்பது நன்று.

இரண்டாம் முறை எழுதப் புகுந்தபோது நான் கணிப்பொறியைத் திறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வகுப்புக்குச் சென்று, “ஸ்லைடு எதையும் பார்க்காமல் சொல்லுங்கள். முதல்நாள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன். சிறிது நேரம் மௌனம். பிறகு ஒரு பையன், “முதல்நாள் ஃபெயில் சார்” என்றான். ஆசிரியை அவனை ஒரு பார்வை பார்த்தார். நான் விடவில்லை.

நடந்தது இது. முதல்நாள் அவர்கள் கரைத்தது துணி துவைக்கும் டிடர்ஜெண்ட் கட்டியை. நான்கு புட்டிகளிலும் இரண்டொரு துளியிலேயே நுரை பொங்கிற்று. எல்லா நீரும் ஒன்றுதான் என்று எழுதிவைத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் ஒரு மாணவி, “எங்கம்மா சொல்றாங்க, போர் தண்ணியில குளிக்கிற சோப்புதான் நுரைக்காது, துணிப்பவுடர் நல்லா நுரைக்கும்னு” என்று வந்து கூறினாளாம். அதன்பிறகே குளிக்கும் சோப்பைக் கொண்டு வேறாகச் செய்து பார்த்தார்கள். டிடர்ஜெண்ட் சுண்ணாம்பு உப்புக்களோடு சேர்ந்து கசடாகத் திரிவதில்லை. கடின நீரிலும் நுரைப்பதற்கென்றே அமைந்த பொருள் அது. ஆகையால் அதை வைத்துக் கடினத்தன்மையை அளக்க முடியாது. இந்த ஒரு நாளின் தோல்வியில் பிள்ளைகள் கற்றது அவ்வைந்து சமன்பாட்டுப் படவில்லைகளில் இல்லை. அளக்கும் கருவி பொருத்தமற்றதாயின் எல்லாம் சமமாகத் தோன்றும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அதை அவர்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஒரு தாயார். அவரோ கேன் நீர் வாங்கிய அந்தத் தாயாரேதான்! தொகுப்பில் இதைப்பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

மேலும் இரண்டு கேள்விகள் கேட்டேன். “எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டீர்கள்?” என்றதற்குப் பலரும் கொதிக்கவைத்த பாத்திரத்தின் வெண்பொடியைச் சொன்னார்கள், வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்திலும் அது படிவதை அதன்பின் கவனித்ததாக ஒருத்தி கூறினாள். “உங்களுக்கு இன்னும் தெரியாதது என்ன?” என்பது கடைசிக் கேள்வி. “குடிக்கலாமா கூடாதான்னு தெரியாது” என்றான் முதலில் பேசிய பையன். நான் எழுதத் தவறிய வாக்கியம் அதுதான்.

சொற்களைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். அது என் தொழில். ‘கடின நீர்’ என்பது பாடநூலில் வழங்கும் நல்ல சொல்லே. ஆனால் பெற்றோரிடம் அது ஏதோ கொடிய நீர் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. அவர்கள் வழக்கிலுள்ள ‘உப்புத் தண்ணீர்’ என்ற சொல்லை எடுத்தாலோ வேறொரு தவறு நேர்கிறது. சாப்பாட்டு உப்புக் கரைந்து கரிக்கும் நீரும் அதுவே, சுண்ணாம்பு மிகுந்து சுவையில் வேறுபாடே தெரியாத நீரும் அதுவே என்றாகிவிடும். சோப்பு எளிதில் நுரைக்காத நீர் என்று விரித்தே எழுதினேன். இரண்டு சொல் அதிகம்; ஆயினும் பிள்ளைகள் செய்ததை அப்படியே சொல்லுகிறது.

இரண்டாம் முறை அனுப்பிய குறிப்பு இது:

“அன்புள்ள பெற்றோருக்கு,

உங்கள் பிள்ளைகள் நான்கு வகை நீரில் குளிக்கும் சோப்பு எவ்வளவு எளிதில் நுரைக்கிறது என்று சோதித்தார்கள். முதல்நாள் துணி சோப்பைப் பயன்படுத்தியதால் எல்லா நீரும் ஒன்றுபோலவே நுரைத்தன. ஒரு மாணவியின் தாயார் சொன்ன வார்த்தையைக் கேட்டுக் குளிக்கும் சோப்பைக் கொண்டு மறுமுறை செய்தார்கள். மழைநீருக்கும் வடிகட்டி நீருக்கும் 5 துளி சோப்புக் கரைசல் போதுமாயிருந்தது. குழாய் நீருக்கு 15 துளிகளும், ஆழ்குழாய்க் கிணற்று நீருக்கு 34 துளிகளும் ஆயின. கிணற்று நீரைக் கொதிக்கவைத்த பின் 22 துளிகளே ஆயின. பாத்திரத்தில் வெள்ளைப் பொடி படிந்தது. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு உப்பின் ஒரு பகுதி அவ்வாறு படிகிறது. உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்திலும் அதைக் காணலாம். பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த நீரைக் குடிக்கலாம் என்பதை இச்சோதனை காட்டாது. நோய்க் கிருமிகளையோ வேறு கெடுதல்களையோ பிள்ளைகள் சோதிக்கவில்லை. முன்பு அனுப்பிய குறிப்பில் நோய்களைப் பற்றி எழுதியிருந்தவை பிள்ளைகள் கண்டறிந்தவை அல்ல, அவற்றைத் தள்ளிவிடுங்கள். இக்குறிப்பைப் பார்த்து நீங்கள் நீரை மாற்றவோ யந்திரம் வாங்கவோ வேண்டியதில்லை. மழைநீரை அப்படியே குடிக்கவும் வேண்டாம்.

நீங்கள் கேட்க விரும்புவதைப் பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.”

இதில் சமன்பாடு இல்லை, நீரின் பெருமை இல்லை, தலைமையாசிரியருக்கு நன்றியும் இல்லை. கடைசிக் குறைக்காக ஆசிரியையிடம் நான் சற்று வாதாட வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழைநீரைப் பற்றிய வாக்கியம் நானாகச் சேர்த்ததன்று. அச்சுக்குப் போகுமுன் அப்பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அம்மாளுக்குக் குறிப்பைப் படித்துக் காட்டி, “இதிலிருந்து எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று தெரிகிறது, அம்மா?” என்று கேட்டோம். “மழைத்தண்ணி நல்லதுன்னு தெரியுது” என்றார் அவர். குடிநீரைப் பற்றி ஒன்றும் காட்டாது என்று எழுதியிருந்தும், ‘5 துளி போதும்’ என்ற வார்த்தை அவர் மனத்தில் பாராட்டாகப் பதிந்துவிட்டது. அந்த வாக்கியத்தைச் சேர்த்து மறுபடியும் படித்தோம். “அதை அவங்க பாக்கலையே” என்று விடை வந்தபிறகே குறிப்பு அச்சுக்குச் சென்றது. எழுதியவர் தாமே பத்து முறை படித்தாலும் இத்தகைய பிழை தென்படாது. எழுதினவருக்குத் தாம் கருதியதே கண்ணில் படும். சோதனையில் அடங்காத ஒரு கேள்வியைக் கேட்டு, கேட்பவர் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை சொன்னால், குறிப்பில் எங்கோ ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசுகிறது என்று கொள்ளலாம்.

களப்பணியாளர் இதைப் படிப்பாராயின் அவருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஜல் ஜீவன் இயக்கம் 2019இல் தொடங்கிய பின் கிராமங்களில் களப் பரிசோதனைப் பெட்டிகள் வழங்கப்பட்டுள்ளன. கடினத்தன்மையுடன் ஃபுளோரைடு, நைட்ரேட் முதலியவற்றையும் அப்பெட்டியால் சோதிக்கலாம். கிருமிக்குத் தனிப் புட்டி உண்டு. பள்ளியின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நீரைப் பற்றிக் கேட்டால், மாணவர் எதைச் சோதித்தனர் என்பதை முதலில் கேட்டறிந்துவிட்டு, அவர்கள் விட்ட இடத்திலிருந்து பெட்டியைத் திறக்கலாம்.

பின்பக்கத்தில் எழுதப்பட்டு ஏழு குறிப்புக்கள் திரும்பி வந்தன. ஐந்தில் கையெழுத்து மாத்திரமே. ஆறாவதில் ஒரு தகப்பனார், வடிகட்டி நீரும் மழைநீரும் ஒரே அளவானால் வடிகட்டிக்குக் கொடுத்த பணம் வீணா என்று கேட்டிருந்தார். அவருக்கு ஆசிரியை நேரில் விடை சொன்னார். ஏழாவது அந்தச் சமையல்கார அம்மாளுடையது. “சலவைச் சோடா போட்டால் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்குமே, பிள்ளைகள் அதைச் செய்து பார்த்தார்களா?” என்று எழுதியிருந்தார். அவர்கள் செய்து பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஒரு லிட்டர் கிணற்று நீரில் அரைத் தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, இரவு முழுதும் தெளியவிட்டு, மேல்நீரை வடித்து எடுத்து எண்ணினார்கள். 34 துளிகள் 8 ஆக இறங்கின. கொதித்தும் நீங்காத பகுதியையும் சோடா படியச் செய்துவிடும். அந்த எண்ணிக்கையையும், அந்நீர் துணிக்கு மட்டுமே என்ற எச்சரிக்கையையும் அம்மாளின் மகளே தன் கையால் குறிப்பின் அடியில் எழுதி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.